சளி பிடித்த முதல் சாயங்காலம்: நீல பம்ப்பா, தினசரி பம்ப்பா, மாத்திரையா, நெபுலைசரா?

ஐப்பசி மழை இறங்கியதும் குடியாத்தம், அணைக்கட்டு, காட்பாடி பக்கமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது. "மூக்கு ஒழுக ஆரம்பிச்சிருக்கு, இன்னும் இழுப்பு வரல. இப்பவே ஏதாவது செய்யணுமா? நீல பம்ப் போதுமா, இல்ல போய் நெபுலைசர் வெச்சுக்கிட்டு வந்துடலாமா?" மார்கழிப் பனி, போகிப் புகை என்று தை வரைக்கும் இது ஓயாது.

கேட்பவர்கள் சரியான நேரத்தில்தான் கேட்கிறார்கள். ஆஸ்துமாக்காரருக்குச் சளி பிடித்த அன்றே மூச்சு முட்டுவது குறைவு. சாதாரண ஜலதோஷத்தைக் கொண்டுவரும் ரைனோ வைரஸ் முதலில் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும். நெஞ்சுக்குள் குழாய்கள் வீங்கி, இழுப்பு உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். அந்த இடைவெளியில் எதைக் கையில் எடுக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. முதலில் பெரியவர்களின் ஆஸ்துமா, கடைசியில் சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இரண்டுக்கும் திட்டம் ஒன்றல்ல. குழந்தைகளுக்கு அளவுகள் வேறு, அதனால் இங்கே உள்ள எண்களை அவர்களுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: இந்த மருந்து வீக்கத்தைக் குறைக்கிறதா, இறுக்கத்தை மட்டும் தளர்த்துகிறதா? மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுவது ஒன்று. குழாயின் உட்சுவர் வீங்கிக் கோழை சேர்வது இன்னொன்று. தசையை ஐந்து நிமிடத்தில் தளர்த்திவிடலாம். வீக்கம் அப்படி இறங்காது, அதற்கு ஸ்டீராய்டு வேண்டும், நேரமும் வேண்டும். சளியால் வரும் இழுப்பில் வீக்கத்தின் பங்கு பெரிது.

இரண்டாவது: எவ்வளவு நேரத்தில் பலன் தெரியும்? மூன்றாவது: ராத்திரி 2 மணிக்கு, பஸ் இல்லாத நேரத்தில், வீட்டிலேயே செய்ய முடியுமா? ஒடுகத்தூருக்கு மேலே மலையோரம் இருப்பவருக்கும் சத்துவாச்சாரியில் இருப்பவருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றாக இருக்காது. நான்காவது: இன்று கொடுக்கும் காசைத் தவிர, பின்னால் உடம்பிலிருந்து என்ன பிடுங்கிக்கொள்ளும்?

| வழி | வீக்கம் குறையுமா | பலன் தெரியும் நேரம் | நடு ராத்திரியில் வீட்டில் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| நீல பம்ப் மட்டும் | குறையாது | 5 நிமிடம் | முடியும் | நோய் முற்றுவதை மறைக்கும் |
| புடசோனைடு-ஃபார்மோட்டிரால் பம்ப்பைக் கூட்டுவது | குறையும் | தளர்ச்சி சில நிமிடம், வீக்கம் மெதுவாக | முடியும் | எல்லாப் பம்ப்புக்கும் பொருந்தாது |
| ஸ்டீராய்டு மாத்திரை | நன்றாகக் குறையும் | 4 முதல் 6 மணி நேரம் | கையிருப்பு இருந்தால் முடியும் | சர்க்கரை, எலும்பு, கண் |
| கிளினிக்கில் நெபுலைசர், ஊசி | உள்ளே போடும் மருந்தைப் பொறுத்தது | 10 - 15 நிமிடம் | முடியாது | தாமதம், தப்பான நிம்மதி |

## வழி 1: நீல பம்ப்பை மட்டும் அடிப்பது

நீல பம்ப்பில் இருப்பது சால்பியூட்டமால், ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். மெடிக்கலில் அஸ்தாலின் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் இது தசையை மட்டுமே தளர்த்தும், வீக்கத்தை விட்டுவிடும்.

இதில் மாட்டிக்கொள்வது எப்படி என்று பாருங்கள். சளி பிடித்த இரண்டாம் நாள் 2 அடி போதுமானதாக இருக்கும், 5 மணி நேரம் தாங்கும். மூன்றாம் நாள் அதே 2 அடி 3 மணி நேரம்தான் தாங்கும். நான்காம் நாள் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு லேசாவதால், "பம்ப் வேலை செய்யுது" என்றுதான் தோன்றும். உள்ளே குழாய் சுருங்கிக்கொண்டே போவது தெரியாது. தாங்கும் நேரம் குறைந்துகொண்டே வருவதுதான் ஆபத்தின் அடையாளம். 3 - 4 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் நீல பம்ப் தேவைப்பட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, நீல பம்ப்பை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதைப் பரிந்துரைப்பதை 2019-லேயே நிறுத்திவிட்டது. 200 அடி கொண்ட பம்ப் வருஷத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் காலியானால், கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்று அதே வழிகாட்டி எச்சரிக்கிறது. உங்கள் வீட்டில் வருஷத்துக்கு எத்தனை வாங்குகிறீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இது சரியான தேர்வாகும் இடமும் உண்டு: ஏற்கெனவே தினமும் ஸ்டீராய்டு பம்ப் எடுப்பவருக்கு, அந்த நேர மூச்சுத் திணறலை அடக்க. கடும் இழுப்பில் 108 வரும்வரை உயிரைப் பிடித்து வைக்கவும் இதுதான். தனியாக இதை மட்டும் நம்பிச் சளிக்காலத்தைத் தாண்டுவதை நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம்.

## வழி 2: தினசரி பம்ப்பைக் கூட்டுவது

பொருந்துகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

புடசோனைடு என்பது ஸ்டீராய்டு. ஃபார்மோட்டிரால் என்பது தசை தளர்த்தி. நீண்ட நேரம் வேலை செய்தாலும், தொடங்குவது நீல பம்ப் மாதிரி வேகமாக. இரண்டும் ஒரே பம்ப்பில் இருப்பதால், மூச்சு இறுகும்போதெல்லாம் ஒரு அடி எடுத்தால் தளர்ச்சியோடு வீக்கத்துக்கான மருந்தும் கூடவே போய்விடும். சளி கூடக்கூட இழுப்பு கூடும், அடி கூடும், ஸ்டீராய்டும் தானாகக் கூடும். சளி இறங்கினால் எல்லாம் தானாக இறங்கும். நோயாளி தனியாக எதையும் கணக்குப் போட்டு ஏற்றி இறக்க வேண்டியதில்லை.

அளவு இப்படி: 200/6 என்று அச்சிட்ட பம்ப்பில், வழக்கமான காலை, இரவு அடிகளோடு, இழுப்போ நெஞ்சிறுக்கமோ வரும்போது ஒரு அடி. சில நிமிடத்தில் அடங்காவிட்டால் இன்னொரு அடி. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 12 அடியைத் தாண்டக் கூடாது. 12-ஐத் தொட்டுவிட்டால் அது வீட்டில் சமாளிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் தவறு நடக்கிறது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் "என் பம்ப்பையும் கூட்டுறேன்" என்று கூட்டிவிடுகிறார்கள். ஃபோராகார்ட் 200 போன்றவற்றுக்குத்தான் மேலே சொன்ன கணக்கு. அதே பெயரில் 400 என்று வாங்கியிருந்தால் ஸ்டீராய்டு இரட்டிப்பு, அதனால் இந்தக் கணக்கு செல்லாது. சால்மெட்டிரால் கலந்த பம்ப், உதாரணமாக செரோஃப்ளோ, தொடங்கவே நேரம் எடுக்கும் மருந்து. அதை அவசரத்துக்கு அடிக்கக் கூடாது, அடுக்கடுக்காகக் கூட்டவும் கூடாது. அதை எடுப்பவர்களுக்கு வேறு வழி உண்டு: தசை தளர்த்தி கலக்காத ஸ்டீராய்டு பம்ப் ஒன்றை மருத்துவர் தனியாக எழுதித் தந்து, சளி வந்தால் 7 முதல் 14 நாளைக்கு மொத்த ஸ்டீராய்டை நான்கு மடங்காக்கச் சொல்லலாம். 2018-ல் பெரியவர்களிடம் செய்த பெரிய ஆய்வில் நான்கு மடங்கு ஓரளவு பலன் தந்தது. இரண்டு மடங்காக்கினால் போதும் என்ற பழைய பழக்கத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு குழந்தைகளிடம் ஐந்து மடங்காக்கிப் பார்த்ததில் பலன் இல்லை. குழந்தைகளுக்கு நீங்களாகக் கூட்டாதீர்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறைவான செலவு தொண்டை கரகரப்பும் வாயில் வெள்ளைப் படலமும். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். கை நடுக்கம், படபடப்பு கொஞ்சம் வரும். இதய நோய் உள்ளவர்கள் 12 என்ற உச்சவரம்பை மருத்துவரிடம் கேட்டுத் தங்களுக்கென்று குறைத்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ரோட்டாகேப் போட்டு உறிஞ்சும் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மருந்து உள்ளே போவது நீங்கள் இழுக்கும் வேகத்தால். மூச்சு இறுகியிருக்கும்போது அந்த வேகம் வராது. மழைக்காலத்தில் ரோட்டாகேப்பை அதன் உறையிலிருந்து முன்பே பிரித்து வைத்தால் பொடி ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும். சளிக்காலத்துக்காவது, பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாயான ஸ்பேசரோடு ஒரு பம்ப் எழுதித் தரச் சொல்லுங்கள்.

## வழி 3: வீட்டில் வைத்திருக்கும் ஸ்டீராய்டு மாத்திரை

பிரெட்னிசலோன் மாத்திரையை முன்கூட்டியே எழுதி வாங்கி, எந்த அடையாளம் வந்தால் தொடங்குவது என்ற குறிப்போடு பெட்டியில் வைத்திருப்பது. பெரியவர்களுக்கு ஆஸ்துமாவில் வழக்கமான அளவு, காலையில் சாப்பிட்டபின் ஒரே வேளையாக 40 முதல் 50 மில்லிகிராம், 5 முதல் 7 நாள். இவ்வளவு குறுகிய காலத்துக்கு அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டியதில்லை. 5 மில்லிகிராம் மாத்திரைதான் கிடைக்கிறது என்றால் 8 மாத்திரை. இதைப் பார்த்துப் பயந்து இரண்டு மட்டும் போட்டுக்கொள்பவர்கள் உண்டு, அதனால் எண்ணிக்கையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

எப்போது தொடங்குவது? மூக்கு ஒழுகுவதற்காக அல்ல. மூச்சை வேகமாக ஊதி அதன் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் உங்கள் நல்ல நாளின் அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால். அல்லது பம்ப்பைக் கூட்டி 48 மணி நேரம் ஆகியும் சரியாகாவிட்டால். அல்லது இதற்கு முன் திடீரென்று மோசமாகி ஐசியூ வரை போன வரலாறு இருந்தால் இன்னும் சீக்கிரமாக. தொடங்கிய நாளிலேயே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதன் மறைவான செலவு பெரிது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மதியத்துக்குமேல் சர்க்கரை எகிறும். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தெரியவே தெரியாது, சாயங்காலம் பார்க்க வேண்டும். தூக்கம் கெடும், பசி கூடும். வாழ்நாளில் 4, 5 முறை இப்படி எடுத்தாலே எலும்புத் தேய்வு, சர்க்கரை, கண்புரை ஆகியவற்றின் வாய்ப்பு கூடுகிறது என்று ஜினா சொல்கிறது. இன்னொன்று நம் ஊரில் மறக்கவே கூடாதது: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் மாத்திரையைத் தொடும் முன் அரசு மருத்துவமனையில் கோழைப் பரிசோதனை. அது இலவசம். காசநோய் உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு அதை வளரவிடும்.

ஆனாலும் மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் ஆகும் ஊர்க்காரருக்கு, இதற்கு முன் கடும் இழுப்பு வந்திருந்தால், இந்தப் பெட்டி இருந்தே ஆகவேண்டும். மாத்திரை பலன் காட்ட 4 மணி நேரமாவது ஆகும். அதைத் தேடி அலையும் நேரமும் அதோடு சேர்ந்தால்தான் ஆபத்து.

## வழி 4: கிளினிக்கில் நெபுலைசர், ஊசி

"மெஷின் வெச்சாதான் கேக்குது" என்று சொல்பவர்கள் ஏராளம். மெஷினுக்குள் போவது அதே சால்பியூட்டமால்தான், 2.5 மில்லிகிராம். நிறையப் புகை வருகிறது, ஆனால் பெரும்பகுதி காற்றிலும் முகமூடியிலும் போய்விடும். ஸ்பேசர் வழியாக 4 முதல் 6 அடி முறையாக எடுத்தால் பலன் அதற்கு ஈடு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்பில், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை வருவதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியென்றால் ஏன் மெஷின் நன்றாகக் கேட்பது போலிருக்கிறது? வீட்டில் பம்ப் அடிக்கும் விதம் தவறு என்பதுதான் காரணம். சரியான விதம் இது. மூடியைக் கழற்றி, பம்ப்பைச் செங்குத்தாகப் பிடித்துக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கம் செருகுங்கள். வாய்ப்பகுதியை உதட்டால் இறுக்குங்கள். ஒரே ஒரு அடி. பிறகு வாயை எடுக்காமல், சாதாரணமாக 5, 6 மூச்சு உள்ளே வெளியே. அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி, அடுத்த அடி. இரண்டு மூன்று அடியை ஒன்றாக ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு இழுத்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் ஒட்டிவிடும். ஸ்பேசரைப் பாத்திரம் துலக்கும் சோப்பு நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் காயவைக்க வேண்டும். துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரிலேயே இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஸ்பேசர் கையில் இல்லாத ராத்திரிக்கு: 500 மில்லி தண்ணீர் பாட்டிலின் அடியில், பம்ப்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, பாட்டிலின் வாய் வழியாக மூச்சை இழுக்கலாம். 1999-ல் தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் பார்த்ததில், இப்படி அடைத்த பாட்டில் கடை ஸ்பேசருக்கு ஒப்பான பலன் தந்தது. ஓட்டை போட்டபின் உள்ளே பிளாஸ்டிக் துண்டு எதுவும் கிடக்கிறதா என்று பார்த்து, அலசிக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஊசி விஷயத்தில் தயங்காமல் சொல்கிறோம். டெரிஃபிலின் ஊசி தியோஃபிலின் வகை. திடீர் ஆஸ்துமாவுக்கு இன்றைய வழிகாட்டிகள் அந்த வகையைப் பரிந்துரைப்பதில்லை. பலனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு: வாந்தி, படபடப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது. அதே மருந்தை மாத்திரையாக எடுப்பவர் சளிக்கென்று சிப்ரோஃப்ளாக்சசினும் போட்டால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறிவிடும். ஊசி போட்ட ராத்திரி நன்றாகத் தூங்கி, மறுநாள் மறுபடி இழுத்துக்கொண்டு வருபவர்கள் வீக்கத்துக்கு மருந்தே எடுக்காதவர்களாக இருப்பார்கள்.

நெபுலைசர் தேவைப்படும் இடம் தெளிவானது: பேச மூச்சில்லாதவர், ஸ்பேசரைப் பிடிக்க முடியாதவர், ஆக்சிஜன் வேண்டியவர். அது கிளினிக் வேலையல்ல, மருத்துவமனை வேலை.

## மெடிக்கலில் கொடுக்கும் சளிப் பொட்டலம்

நான்கைந்து மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதை ஒரு வழியாகவே நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு மணி நேரத்திலேயே கடும் இழுப்பைக் கிளப்பும். மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆன்டிபயாட்டிக் வைரஸைத் தொடாது. லீவோஃப்ளாக்சசின் போன்றவை காசநோயைக் கொஞ்ச நாள் அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். தைலம் போட்ட ஆவி மூக்கைத் திறக்கலாம், ஆனால் நெஞ்சுக்குழாயைத் திறக்காது. தைல நெடியே சிலருக்கு இழுப்பைத் தூண்டும்.

## ஒரு வாரம், நாள் நாளாக

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும், 38 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். புடசோனைடு-ஃபார்மோட்டிரால் 200/6, காலை ஒன்று, இரவு ஒன்று. நல்ல நாளில் பீக் ஃப்ளோ 360. தாளில் மூன்று எண் எழுதப்பட்டிருக்கிறது: 288 (80 சதவீதம்), 216 (60 சதவீதம்), 180 (50 சதவீதம்).

ஞாயிறு சாயங்காலம் தொண்டை அரிப்பு, மூக்கொழுகல். அளவு 340. கூடுதல் அடி எதுவும் வேண்டாம். ஆனால் அன்றே மூன்று வேலை: பம்ப்பில் எத்தனை அடி மிச்சம் என்று பார்ப்பது, ஸ்பேசரை அலசுவது, புகையிலைத் தூள் பறக்கும் வேலையைச் சில நாள் தள்ளிவைப்பது. பம்ப்பில் எண் காட்டி இல்லாவிட்டால் தொடங்கிய தேதியிலிருந்து கணக்கிடுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத் தகாதது.

திங்கள் காலை 300. இருமலால் ராத்திரி விழிப்பு. கூடுதலாக 3 அடி, மொத்தம் 5. செவ்வாய் காலை 250, அதாவது 288-க்குக் கீழே. கூடுதலாக 5, மொத்தம் 7. சாயங்காலம் 230. 288-க்கும் 216-க்கும் நடுவே, அதாவது எச்சரிக்கையான மஞ்சள் கட்டம் என்பதால் மருத்துவருக்குப் போன். ராத்திரி தனியாகப் படுக்காமல் யாராவது துணைக்கு.

புதன் காலை 205. இது 216-க்குக் கீழே. பெட்டியைத் திறந்து, இட்லி சாப்பிட்டதும் பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம், அன்றே மருத்துவரிடம். இங்கே தாமதித்து "சாயங்காலம் வரை பார்க்கலாம்" என்று இருந்தால், மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரம் நடு ராத்திரிக்குத் தள்ளிப்போகும். வியாழன் 260, வெள்ளி 310. கூடுதல் அடிகள் 2 ஆகக் குறைந்தன. அளவு ஏறிவிட்டது என்று வெள்ளிக்கிழமை மாத்திரையை நிறுத்தாமல், ஞாயிறு வரை 5 நாளும் முடித்தார்.

காலை அளவை மருந்து எடுக்கும் முன், நின்றபடி மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுத வேண்டும். மீட்டர் இல்லாதவர்கள் கூடுதல் அடிகளின் எண்ணிக்கையையும், ராத்திரி எழுந்த தடவைகளையும் எழுதினால் ஓரளவு போதும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆஸ்துமாவில் தாமதமாகத்தான் இறங்கும். 97 காட்டுகிறது என்று ஆறுதலடைய வேண்டாம்.

## எந்த வழியும் பார்க்காமல் 108

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், பீக் ஃப்ளோ அளவு 50 சதவீதத்துக்குக் கீழே போனால், மயக்கம் மாதிரி சோர்ந்தால். இழுப்புச் சத்தம் திடீரென்று நின்று மூச்சும் திணறினால் அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று அர்த்தம். வண்டி வரும்வரை உட்காரவைத்து, நீல பம்ப்பை ஸ்பேசரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு அடியாக 10 அடி வரை கொடுங்கள். வண்டி வரத் தாமதமானால் அதையே மறுபடி கொடுங்கள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்குவதைவிட, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, ஆக்சிஜனும் ஐசியூவும் உள்ள வேறு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே நேராகப் போவது நல்லது.

## சிஓபிடி என்றால் கணக்கு மாறும்

பல வருஷம் பீடி பிடித்தவர், விறகடுப்பில் சமைத்தவர், 50-ஐத் தாண்டியபின் படிப்படியாக மூச்சு வாங்க ஆரம்பித்தவர் என்றால் பெரும்பாலும் இது. வழி 2 இவர்களுக்கு இல்லை. தேவைக்கேற்ப ஃபார்மோட்டிரால் பம்ப்பைக் கூட்டும் முறை ஆஸ்துமாவுக்கானது. தினசரி மருந்தை அப்படியே தொடர்ந்து, சால்பியூட்டமாலை, அல்லது அதோடு இப்ரட்ரோப்பியம் சேர்ந்த பம்ப்பை, ஸ்பேசரில் அடிக்கடி எடுப்பதுதான் முதல் படி.

மூச்சுத் திணறல் வழக்கத்தைவிடக் கூடி, அன்றாட வேலை முடியாமல் போனால் பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம், 5 நாள். 14 நாள் கொடுப்பதைவிட 5 நாள் குறைந்ததல்ல என்று 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆன்டிபயாட்டிக்குக்கு இங்கே இடம் உண்டு, ஆனால் அடையாளம் பார்த்து. வெள்ளையாக வந்த கோழை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடி, மூச்சும் திணறினால். ஒரு வெள்ளைக் காகிதத்தில் துப்பி, வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். நிறம் மாறாத சளிக்கு அது வேண்டியதில்லை.

ஆக்சிமீட்டர் இவர்களுக்கு உதவும், ஆனால் நல்ல நாளில் உங்கள் அளவு என்ன என்று தெரிந்திருந்தால் மட்டும். சிலருக்கு வழக்கமே 91. சிலிண்டர் வைத்திருப்பவர்கள் 88 முதல் 92-க்குள் நிறுத்த வேண்டும். மூச்சு வாங்குகிறதே என்று வால்வைத் திறந்து 98-க்கு ஏற்றினால் சிலருக்கு உடம்பில் கரியமில வாயு தேங்கி, தலைவலி, தூக்கக் கலக்கம், மயக்கம் வரும். பகலில் அசாதாரணமாகத் தூங்கி வழிந்தாலும், புதிதாகக் கால் வீங்கினாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

## யாருக்கு எது

200/6 பம்ப் எடுப்பவர், நகரத்துக்குள் இருப்பவர்: வழி 2, அதற்கு மேல் போனால் மருத்துவர். அதே பம்ப், ஆனால் பேரணாம்பட்டு மலையோரமோ ஒடுகத்தூருக்கு அப்பாலோ இருப்பவர்: வழி 2-ஓடு பெட்டியில் வழி 3. சால்மெட்டிரால் பம்ப் எடுப்பவர்: நீல பம்ப்பும், தனி ஸ்டீராய்டு பம்ப்பும். சர்க்கரை உள்ளவர்: பம்ப்பை முந்திக் கூட்டுவதில் மற்றவர்களைவிடக் கறாராக இருங்கள். மாத்திரை வரை போகாமல் நின்றால் உங்களுக்குத்தான் லாபம் அதிகம். நீல பம்ப் மட்டுமே வைத்திருப்பவர்: சளி வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் போய், ஸ்டீராய்டு உள்ள பம்ப் எழுதி வாங்குங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளை நீங்களே கொண்டுபோங்கள். மேலே உங்கள் நல்ல நாளின் அளவு, கீழே 80, 60, 50 சதவீத எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே காலி இடம். எந்த பம்ப், எத்தனை அடி, எத்தனை மாத்திரை என்று அவரையே நிரப்பிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதை ஸ்பேசரோடு சேர்த்து ஒரே டப்பாவில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். மாத்திரை எடுத்து முடித்தால் ஒரு வாரத்துக்குள் மறுபடி அவரைப் பார்த்து, அந்த நாட்களில் எழுதிய அளவுகளைக் காட்டி, பெட்டியில் குறைந்ததை நிரப்பிக்கொள்ளுங்கள்.